போனில் 143 குறிப்பு, எழுத ஒன்றுகூட இல்லை

கேள்வி: மாடித்தோட்டம் பற்றி முகநூலில் வாரம் இரண்டு பதிவு போடுகிறேன். தோன்றுவதையெல்லாம் போனில், கூகுள் கீப்பில், ஒரே நோட்டில் குறித்து வைக்கிறேன். 143 வரி சேர்ந்துவிட்டது. எழுத உட்கார்ந்தால் மேலும் கீழும் உருட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் பூத்த ரோஜாவைப் படமெடுத்துப் போட்டுவிடுகிறேன். என்ன செய்யலாம்?
– வாசகி, தென்காசி

பதில்: நோட்டில் குறிப்பதை நிறுத்தாதீர்கள். ஆனால் எழுத உட்காரும் நாளில் அதைத் திறக்காதீர்கள். அது சந்தைப் பை மாதிரி. கத்தரிக்காயும் கொத்தமல்லியும் ஒன்றாகக் கிடக்கும். சமைக்க நிற்கும்போது பையைத் துழாவினால் அடுப்புதான் வீணாக எரியும். நடுவில் ஒரு 'வரிசை' வேண்டும். கூகுள் ஷீட்டோ, இருபது ரூபாய் நோட்டுப்புத்தகமோ, உங்கள் கைக்கு எது வசதியோ அது.

வரிசையில் நான்கு கட்டம் போதும்: கேள்வியாக ஒரு வரி, கையில் இருக்கும் படமோ அனுபவமோ, எப்போதைக்குள் போட வேண்டும், வரிசைக்கு வந்த தேதி. வாரம் இரண்டு பதிவு என்பதால் எட்டு வரிக்கு மேல் ஏற்றாதீர்கள். அதுவே ஒரு மாதத்துக்கு வரும். ஒன்பதாவது வர வேண்டுமானால் ஒன்று இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம், போனில் அலாரம் வைத்துக்கொண்டு, நோட்டில் அந்த வாரம் குறித்த வரிகளை மட்டும் எடுங்கள். 'வெண்டை மஞ்சள்' என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது வெறும் தலைப்பு. இதை வைத்து எழுத ஆரம்பிக்க முடியாது. ஏன் குறித்தீர்கள் என்று யோசித்தால், பக்கத்து வீட்டு அக்கா இலையைக் காட்டிக் கேட்டது நினைவுக்கு வரும். அதையே எழுதுங்கள்: 'வெண்டை இலையில் நரம்பெல்லாம் மஞ்சளாகிவிட்டது, செடியைப் பிடுங்கத்தான் வேண்டுமா?' இப்போது பதிவு பாதி முடிந்த மாதிரி. அது வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய், வந்த செடி தேறாது, பிடுங்கிவிட்டு மஞ்சள் ஒட்டுப்பொறி தொங்கவிட வேண்டும் என்று விரல் தானாக ஓடும். படம் இருக்கிறதா என்று பார்த்து இரண்டாவது கட்டத்தை நிரப்புங்கள். இல்லையென்றால் 'படம் எடுக்கணும்' என்று எழுதுங்கள். அந்த வாரம் அது மாடியில் செய்யும் வேலை.

அடுத்த வரி 'ஆடி விதை'. இதற்குக் கெடு உண்டு. ஆடிப்பட்டம் ஜூலை நடுவில் தொடங்குகிறது என்பதற்காக அன்றைக்குப் பதிவு போட்டால் யாருக்கும் உதவாது. விதை வாங்க வேண்டும், மண்கலவை போட்டுப் பத்து நாளாவது ஆறவிட வேண்டும். ஆகவே மூன்றாவது கட்டத்தில் 'ஜூன் கடைசிக்குள்' என்று எழுதுங்கள். கெடு உள்ளதை மேலே ஏற்றுங்கள், மற்றதெல்லாம் பின்னால் நிற்கட்டும்.

மூன்றாவது, 'மண்புழு'. ஐந்து நிமிடம் யோசித்தும் எதற்கென்று தெரியவில்லையா? அடித்துவிடுங்கள். என் நோட்டில் ஒருமுறை 'அத்தை, சாம்பல், மூன்று தடவை' என்று இருந்தது. அத்தையிடமே கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை! அதற்குப் பிறகு எதைக் குறித்தாலும் யார் சொன்னது, எங்கே பார்த்தது என்று நான்கு வார்த்தை சேர்த்துவிடுவேன். கை மண்ணாக இருந்தால் கீப்பில் மைக்கை அழுத்திப் பேசிவிடலாம். தமிழில் கொஞ்சம் தப்பும் தவறுமாக எழுதும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை புரிந்துகொள்ளும் அளவுக்கு இருக்கும்.

வரிசைக்குப் போன வரியையும் அடித்த வரியையும் நோட்டிலிருந்து நீக்கிவிடுங்கள். இதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். அடுத்த வாரம் அதே வரியை மறுபடி பார்த்து மறுபடி யோசிப்பார்கள். ஒரு மாதத்தில் அரை மணி வேலை இரண்டு மணி ஆகும், பிறகு நின்றே போகும். இன்னொரு தொல்லை, வரிசைக்கு வண்ணம் அடித்து, பூச்சி, உரம், விதை என்று பிரித்து அழகு பார்ப்பது. எட்டு வரிக்கு எதற்கு அலமாரி? தேதிக் கட்டத்தை மட்டும் பாருங்கள். ஆறு வாரமாக ஒரு வரி நகராமல் நின்றால் உங்களுக்கு அதை எழுத மனமில்லை என்று அர்த்தம். இறக்கிவிடுங்கள்.

பழைய 143 வரியை உட்கார்ந்து பிரிக்க வேண்டாம். அந்த நோட்டுக்கு 'பழசு' என்று பெயர் வைத்து, புது நோட்டு ஒன்று தொடங்குங்கள். பழசை ஒரே ஒருமுறை வேகமாக வாசித்து, பார்த்ததும் முழுக்கதையும் நினைவுக்கு வரும் ஐந்தாறை மட்டும் வரிசைக்குக் கொண்டு வாருங்கள். பிறகு அதை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அழிக்க மனம் வராது. ஊருக்குப் போய் ஒரு ஞாயிறு தவறினால், அடுத்த ஞாயிறு இரண்டு வாரத்தையும் சேர்த்து இழுக்காதீர்கள். கடைசி ஏழு நாளில் குறித்ததை மட்டும் பிரியுங்கள். மீதி பழசோடு போகட்டும்.