பச்சை குத்தியவர், காய்ச்சல் வந்தவர், ஊசி போட்டவர்: ரத்தம் கொடுக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 27, எடை 68 கிலோ, ரத்தப் பிரிவு பி நெகட்டிவ். இதுவரை ஆறு முறை ரத்தம் கொடுத்திருக்கிறேன். பிப்ரவரி 2-ஆம் தேதி கையில் பச்சை குத்திக்கொண்டேன். ஜூலை 1 முதல் 5 வரை காய்ச்சல் இருந்தது. டெங்கு இல்லை என்று சோதனையில் வந்தது. ஆன்டிபயாடிக் மாத்திரை ஜூலை 8-ஆம் தேதி முடிந்தது. ஜூலை 14-ஆம் தேதி காலில் ஆணி குத்தியதால் டி.டி. ஊசி போட்டார்கள். நண்பரின் தந்தைக்கும் பி நெகட்டிவ்தான். அவருக்கு ஜூலை 25-ஆம் தேதி அறுவைச் சிகிச்சை. ரத்தம் கொடுக்கப் போனால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். எப்படியும் சோதித்துப் பார்த்துத்தானே ஏற்றுகிறார்கள், பிறகு ஏன் இந்தக் கெடுபிடி? நானே சோதனை செய்து அறிக்கையைக் கொண்டுபோனால் ஏற்பார்களா?
– வாசகர், ஈரோடு

மருத்துவர் பதில்:

உங்களைத் திருப்பி அனுப்பியது சரிதான். நீங்கள் சொல்லும் மூன்று நிகழ்வுகளுக்கும் காத்திருப்புக் காலம் தனித்தனியே உண்டு. அவற்றை ஒன்றோடொன்று கூட்ட வேண்டியதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் தேதியிலிருந்து எண்ணி, எது கடைசியில் முடிகிறதோ அதுவரை காத்திருக்க வேண்டும். ஆன்டிபயாடிக் முடிந்த ஜூலை 8-இலிருந்து 14 நாள் என்றால் ஜூலை 22. டி.டி. ஊசி போட்ட ஜூலை 14-இலிருந்து 14 நாள் என்றால் ஜூலை 28. பச்சை குத்தியதற்கு 12 மாதம் என்பதால் அது அடுத்த ஆண்டு பிப்ரவரி 2-ஆம் தேதிதான் முடிகிறது. ஆகவே காய்ச்சலும் ஊசியும் இல்லாமல் இருந்திருந்தாலும் இந்த அறுவைச் சிகிச்சைக்கு நீங்கள் ரத்தம் கொடுத்திருக்க முடியாது.

சோதித்துத்தானே ஏற்றுகிறார்கள் என்று நீங்கள் கேட்பதுதான் இதில் முக்கியமான கேள்வி. நம் நாட்டில் பெறப்படும் ஒவ்வொரு ரத்தப் பையும் எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் கட்டாயமாகச் சோதிக்கப்படுகிறது. ஆனால் இந்தச் சோதனைகளில் பல, கிருமியை நேரடியாகத் தேடுவதில்லை. கிருமியை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுகின்றன. ஹெபடைடிஸ் சி கிருமி உடலுக்குள் நுழைந்து அதற்கான எதிர்ப்பொருள் சோதனையில் தென்படும் அளவுக்கு உருவாகப் பெரும்பாலும் 8 முதல் 11 வாரம் ஆகிவிடும். அந்த இடைவெளியில் கிருமி ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும், சோதனை முடிவோ ‘இல்லை’ என்றுதான் வரும். இதைத்தான் நாங்கள் சாளரக் காலம் என்கிறோம். கிருமியின் மரபணுப் பொருளையே தேடும் ‘நாட்’ சோதனை இந்த இடைவெளியை வெகுவாகக் குறைக்கும், ஆனால் முற்றிலும் நீக்கிவிடாது. எல்லா ரத்த மையங்களிலும் அது செய்யப்படுவதும் இல்லை.

பச்சை குத்தும் ஊசி தோலைத் துளைத்து ரத்தக் கசிவு வரை போகிறது. ஊசியைப் புதிதாகப் பிரித்தார்கள் என்று நீங்கள் பார்த்திருக்கலாம். மையை ஊற்றிய சிறு கிண்ணமும் அதைப் பிடித்த கையும் உங்களுக்கு முன்னால் வந்தவருக்குப் பயன்பட்டவையா என்று உங்களால் சொல்ல முடியாது. ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் தொற்றிய நாளிலிருந்து அறிகுறி காட்ட அதிகபட்சம் ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளக்கூடியவை. பலருக்கு அறிகுறி வருவதே இல்லை. அந்த ஆறு மாதத்துக்கு மேல் இன்னொரு ஆறு மாதம் வேலியாக வைத்தால் கிடைப்பதுதான் 12 மாதம் என்று நீங்கள் எண்ணிக்கொள்ளலாம். தேசிய ரத்தப் பரிமாற்றக் குழுமம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறை இந்தக் காலத்தைத்தான் சொல்கிறது. காது, மூக்கு குத்திக்கொண்டாலும், அக்குபஞ்சர் செய்துகொண்டாலும் இதே விதிதான். ஆறு மாதம் போதும் என்று யாராவது சொன்னால் அது முந்தைய விதியின் நினைவு. மூன்று மாதம் என்று இணையத்தில் படித்திருந்தால் அது பெரும்பாலும் 2020-இல் அமெரிக்கா மாற்றிக்கொண்ட விதி. ரத்தம் எந்த நாட்டில் எடுக்கப்படுகிறதோ அந்த நாட்டின் விதியே பொருந்தும்.

நீங்களே எடுத்துக்கொண்டுபோகும் அறிக்கையை ஏன் ஏற்பதில்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். சோதனை எங்கு செய்யப்பட்டது என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. சோதனையால் காண முடியாத காலம் ஒன்று உண்டு என்பதால்தான் நாள்காட்டியைப் பார்க்கிறார்கள். உங்களுக்கு ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதால் தொற்று இருந்திருந்தால் அநேகமாக இந்நேரம் சோதனையில் தெரிந்திருக்கும் என்பது உண்மை. ஒரு தனி மனிதராக நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் ஒரே பையிலிருந்து சிவப்பணு, தட்டணு, பிளாஸ்மா என மூன்று பொருள்கள் பிரிக்கப்பட்டு மூன்று நோயாளிகளுக்குப் போகக்கூடும் என்பதால், ‘அநேகமாக’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு ரத்த மையம் முடிவெடுக்க முடியாது.

காய்ச்சலைப் பொறுத்தவரை ‘வந்து போய்விட்டது’ என்பதோடு விட்டுவிடாமல் அது என்ன காய்ச்சல் என்று அறிந்துகொள்வது அவசியம். சாதாரண சளி, தொண்டை வலி என்றால் அறிகுறிகள் முழுதும் நீங்கி வெப்பம் தணிந்ததும் கொடுக்கலாம். சிறுநீர்த் தொற்று, மார்புச் சளித் தொற்று போல மாத்திரை தேவைப்பட்டவற்றுக்கு, முழுமையாகக் குணமாகி, கடைசி மாத்திரையும் விழுங்கிய நாளிலிருந்து 14 நாள். மலேரியாவுக்கு மூன்று மாதம், டெங்கு, சிக்குன்குனியாவுக்கு ஆறு மாதம், டைபாய்டுக்கு 12 மாதம். இவை யாவும் முழுதும் தேறிய நாளிலிருந்து எண்ணப்படுகின்றன. டெங்கு கிருமி ரத்தத்தில் தங்குவது ஏறத்தாழ ஒரு வாரமே என்பதால் ஆறு மாதம் மிகை என்று எனக்கும் தோன்றுவதுண்டு. ஆனால் டெங்குக்கும் டைபாய்டுக்கும் ரத்தப் பையில் கட்டாயச் சோதனை எதுவும் இல்லை என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

உங்களுக்கு டெங்கு இல்லை என்று சொன்ன சோதனை எந்த நாளில் எடுக்கப்பட்டது என்று அறிக்கையைப் பாருங்கள். என்.எஸ்.1 சோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாள்களில்தான் நன்றாக வேலை செய்யும். அதற்குப் பிறகு எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் அதை முழுதும் நம்ப முடியாது. டெங்குவாகவே இருந்திருந்தாலும் ஜூலை 5-இலிருந்து ஆறு மாதம் ஜனவரி 5-ஆம் தேதி முடிந்துவிடும். பிப்ரவரி வரை நீங்கள் எப்படியும் காத்திருக்கப் போவதால் உங்கள் கணக்கை இது மாற்றாது.

ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் 14 நாள் ஏன் என்று பலர் கேட்பார்கள். மாத்திரையால் ரத்தம் கெட்டுவிடும் என்பது காரணமில்லை. மாத்திரை அடக்கிவைத்த கிருமி, நிறுத்தியதும் மீண்டும் தலையெடுக்கிறதா என்று பார்க்கும் காலம் இது. தட்டணுக்களைக் குளிர்பெட்டியில் வைக்க முடியாது. 20 முதல் 24 டிகிரி வெப்பத்தில், ஓயாமல் அசைந்துகொண்டிருக்கும் தட்டில் ஐந்து நாள் வரை வைத்திருப்பார்கள். கொடுப்பவரின் ரத்தத்தில் இருந்த ஒரு சில பாக்டீரியாக்கள் அந்த இதமான வெப்பத்தில் பெருகிவிட்டால், அந்தப் பை எதிர்ப்பாற்றல் குன்றிய புற்றுநோயாளி ஒருவருக்குப் போகும்போது என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

தடுப்பூசிகளில் நீங்கள் போட்டுக்கொண்டது மிக எளிய வகை. டி.டி.யில் உயிருள்ள கிருமி ஏதும் இல்லை. நச்சுத்தன்மை நீக்கப்பட்ட புரதம் மட்டுமே உண்டு. அதனால் நோயாளிக்கு ஆபத்து இல்லை என்றாலும், ஊசியால் வரும் உடல் சூட்டையும் புதிய தொற்றால் வரும் காய்ச்சலையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க 14 நாள் இடைவெளி விடுகிறார்கள். கொரோனா தடுப்பூசிக்கு முதலில் 28 நாள் என்றிருந்து, 2021 மே மாதத்தில் 14 நாளாகக் குறைக்கப்பட்டது. தட்டம்மை–ரூபெல்லா, மஞ்சள் காய்ச்சல் போன்ற உயிருள்ள, வலுக்குறைக்கப்பட்ட கிருமி கொண்ட தடுப்பூசிகளுக்கு 28 நாள். அந்தக் கிருமி சில காலம் ரத்தத்தில் இருக்கக்கூடும். ரத்தம் ஏற்றிக்கொள்பவர் கர்ப்பிணியாக இருந்தால் ரூபெல்லா கருவைப் பாதிக்கலாம். வேலைக்கோ படிப்புக்கோ வெளிநாடு செல்வதற்காக இவற்றைப் போட்டுக்கொள்ளும் இளைஞர்கள், கிளம்பும் முன் ரத்தம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று முகாமுக்கு வருவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். ஊசிக்கு முன்பே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பலரும் தவறவிடுவது நாய்க்கடிக்குப் பின் போடும் ஊசியை. நாய் கடித்ததற்காக வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டவர் ஓராண்டு காத்திருக்க வேண்டும். தடுப்பூசியில் இருப்பது செயலிழந்த கிருமிதான். ஆனால் கடியின் வழியாக உண்மையான கிருமி நுழைந்திருக்கலாம், அது அடைகாக்கும் காலமோ பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதமாக இருந்தாலும் அரிதாக மிக நீளலாம். காத்திருப்பு ஊசிக்காக என்பதைவிட, ஊசி போட நேர்ந்த காரணத்துக்காகவே. உங்கள் ஆணிக் காயத்துக்கும் டி.டி.யோடு வேறு ஏதாவது ஊசி போட்டார்களா என்று சீட்டைப் பாருங்கள். டெட்டனஸுக்கான இம்யூனோகுளோபுலின் ஊசியும் போட்டிருந்தால் அதற்கும் ஓராண்டு என்பதால், உங்கள் தேதி பிப்ரவரியிலிருந்து அடுத்த ஜூலை 14-க்குத் தள்ளிப்போகும்.

பிப்ரவரியில் நீங்கள் ரத்தம் கொடுக்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். கொடுத்த பிறகு இரண்டு வாரத்துக்குள் உங்களுக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்தால் உடனே அந்த ரத்த மையத்துக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். டெங்கு கிருமி காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பே ரத்தத்தில் வந்துவிடும். பை இன்னும் யாருக்கும் போகவில்லை என்றால் எடுத்து வைத்துவிடுவார்கள். நண்பர்களோடு வந்து, அவர்கள் முன்னால் எதையாவது சொல்லக் கூச்சப்பட்டுக் கொடுத்துவிட்டவரும், பிறகு தனியாக அழைத்து ‘என் ரத்தத்தைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று சொல்லலாம். உங்களைக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

நண்பரின் தந்தைக்கு இன்னும் சில நாள் இருப்பதால் வழியும் இருக்கிறது. பி நெகட்டிவ் நோயாளிக்கு ஓ நெகட்டிவ் சிவப்பணுவும் பொருந்தும் என்பதால் தேடல் ஒரே பிரிவோடு நின்றுவிட வேண்டியதில்லை. எத்தனை யூனிட் தேவை என்று அறுவைச் சிகிச்சை நிபுணரிடம் எழுதி வாங்கி, நோயாளியின் ரத்த மாதிரியோடு ரத்த மையத்தில் இன்றே பதிவு செய்யச் சொல்லுங்கள். எந்த மையத்தில் எந்தப் பிரிவு இருப்பில் உள்ளது என்பதை அரசின் இ-ரக்தகோஷ் தளத்தில் பார்க்கலாம். புதிதாகக் கொடுக்க வருபவர்கள் இருந்தால் 25-ஆம் தேதி காலையில் வராமல் இரண்டு மூன்று நாள் முன்பே வரட்டும். எடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பிரித்து முடிக்க நேரம் வேண்டும்.