தினசரி மாத்திரையால் வாய் வறண்டால் பல் சொத்தையாகுமா?

"அம்மா நரம்பு வலிக்கு இரவில் அமிட்ரிப்டிலின் சாப்பிடுகிறார். வாய் காய்ந்தே கிடக்கிறது. இப்போது ஈறு ஓரத்தில் சொத்தை. மாத்திரைதான் காரணமா?"

பெரிய காரணமாக இருக்கலாம். உமிழ்நீர் குறைந்து வாய் ஒட்டிக்கொள்வதுதான் வாய் வறட்சி. உமிழ்நீரைச் சுரக்கச் சொல்லி நரம்பு அனுப்பும் தகவலை இந்த மாத்திரை தடுக்கிறது. சில ஒவ்வாமை மாத்திரைகளும், சிறுநீர் அவசரத்துக்குத் தரும் சில மாத்திரைகளும் அப்படித்தான்.

சாப்பிட்ட தட்டை உடனே அலசினால் சுத்தமாகிவிடும். காயவிட்டால் பருக்கை ஒட்டிக்கொள்ளும். வாயிலும் அதே கதைதான். கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலம் விடும். உமிழ்நீர் அதைத் தணித்து, பல் இழந்த கால்சியத்தையும் திருப்பித் தரும். அது குறைந்தால் முதலில் அடிபடுவது ஈறு இறங்கி வெளியே தெரியும் வேர்ப்பகுதி. அங்கே பல்லைக் காக்கும் கடினமான எனாமல் உறை கிடையாது.

வறட்சிக்கு இனிப்பு மிட்டாய் சப்புவதும், அடிக்கடி சர்க்கரை போட்ட டீ குடிப்பதும்தான் நிலைமையைக் கெடுப்பவை. பதிலாகச் சர்க்கரை இல்லாத சூயிங்கம் மெல்லலாம். மெல்லும்போது உமிழ்நீர் ஊறும். தண்ணீரை வாய் வாயாகக் குடியுங்கள். இரவில் உமிழ்நீர் இன்னும் குறையும். அதனால் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் பல் துலக்கி, நுரையைத் துப்பிவிட்டு, கொப்பளிக்காமல் படுக்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவைக் குறைக்கவோ மாற்றவோ முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

அப்புறம், நிறையத் தண்ணீர் குடித்தாலே பல் தப்பிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீர் வாயை நனைக்கும், ஆனால் உமிழ்நீரைப் போல அமிலத்தைத் தணிக்காது.