(1/2)¹⁰⁰: புள்ளிக்குப் பின் முப்பதா, முப்பத்தொன்றா?

கேள்வி: (1/2)¹⁰⁰-ஐ தசமமாக எழுதினால் புள்ளிக்கும் முதல் இலக்கத்துக்கும் நடுவில் எத்தனை பூஜ்ஜியம் வரும்? log 2 = 0.3010 என்று கொடுத்திருக்கிறார்கள். எனக்கு −30.10 வருகிறது. அதற்குப் பிறகு 30 என்று எழுதுவதா, 31 என்று எழுதுவதா எனத் தெரியவில்லை.

பதில்: விடை 30. ஆனால் −30.10-இல் தெரியும் 30-ஐ அப்படியே எடுத்து எழுதினால், இந்தக் கணக்கில் சரியாக வரும்; வேறொரு கணக்கில் காலை வாரிவிடும். அதனால் 30 எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்துவிடுவோம்.

நீங்கள் செய்தது சரிதான். log (1/2) என்பது −log 2, அதாவது −0.3010. அதை 100 ஆல் பெருக்கினால் −30.10. இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மடக்கை அட்டவணையில் தசமப் பகுதி எப்போதும் நேர்மம். −30.10-இல் முழுஎண், தசமம் இரண்டுமே குறையாக இருக்கின்றன. எனவே ஒன்றைக் கழித்து ஒன்றைக் கூட்டி மாற்றி எழுத வேண்டும்:

−30.10 = −31 + 0.90

வகுப்பில் 31-இன் தலைமேல் கோடு போட்டு, 'பார் 31 புள்ளி 90' என்று படிப்போமே, அது இதுதான். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். −30.10-ஐ 'பார் 30 புள்ளி 10' என்று எழுதிவிடுவார்கள். அதன் பொருள் −30 + 0.10, அதாவது −29.90. அது வேறு எண்.

இப்போது −31 + 0.90 என்ன சொல்கிறது? நம் எண் 10^0.90 × 10⁻³¹. 10^0.90 சுமார் 7.9. ஆக எண் 7.9 × 10⁻³¹. 10⁻¹ என்றால் 0.1, புள்ளிக்குப் பின் பூஜ்ஜியமே இல்லை. 10⁻² என்றால் 0.01, ஒரு பூஜ்ஜியம். 10⁻³¹ என்றால் முதல் இலக்கம் 31-ஆவது இடத்தில் உட்காரும். அதற்கு முன்னால் இருக்கும் 30 இடங்களும் பூஜ்ஜியம். பார் 31-லிருந்து ஒன்றைக் கழிப்பது இதனால்தான். உங்களுக்கு 31 என்று தோன்றியிருந்தால், இலக்கம் அமரும் இடத்தையும் பூஜ்ஜியமாக எண்ணியிருப்பீர்கள்.

நேரடியாக −30.10-இன் 30-ஐ எடுத்தாலும் அதே விடைதானே என்று கேட்கலாம். (1/10)³-ஐ எடுத்துப் பாருங்கள். மடக்கை சரியாக −3. குறுக்குவழி 3 பூஜ்ஜியம் என்கிறது; எண்ணோ 0.001, இரண்டே பூஜ்ஜியம். மடக்கை மிச்சமின்றி முழுஎண்ணாக வரும்போது குறுக்குவழி தவறுகிறது. 'பார் எண்ணில் ஒன்று குறை' என்ற விதியோ அங்கேயும் 2 என்று சரியாகச் சொல்கிறது. 1/2-இன் அடுக்கு எதுவும் 10-இன் அடுக்காக ஆகாது என்பதால்தான் இங்கே குறுக்குவழி பிழைத்துக்கொள்கிறது. (பூஜ்ஜிய அடுக்கு மட்டும் விலக்கு, அது 1.)

இன்னொன்று, log 2-க்கு எத்தனை இலக்கம் எடுக்கிறீர்கள் என்பது. மனக்கணக்குக்காக 0.3 என்று சுருக்கினால் விடை சரியாக −30 என்று வரும்; பார் 30, எனவே 29 பூஜ்ஜியம். தவறு! 0.001 அளவிலான சின்னப் பிழை 100 ஆல் பெருகி 0.1 ஆகிறது, எண் முழுஎண்ணின் எல்லையில் நிற்பதால் அதுவே ஓர் இடத்தை மாற்றிவிடுகிறது. 0.3010 எடுத்தால் கவலையில்லை, 0.30103 எடுத்தால் −30.103. பெருக்கிய விடை முழுஎண்ணுக்கு மிக அருகில் வந்தால் மட்டும் கூடுதல் இலக்கத்தோடு ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

மடக்கை இல்லாமலே சரிபார்க்கவும் வழி உண்டு. 2¹⁰ = 1024. ஆகவே 2¹⁰⁰ = (1.024)¹⁰ × 10³⁰. (1.024)¹⁰ சுமார் 1.27, அதாவது 1-க்கும் 10-க்கும் இடையில். அதன் தலைகீழ் 0.79 × 10⁻³⁰, அதுவே 7.9 × 10⁻³¹.

எனக்குப் பிடித்த சரிபார்ப்பு வேறு. 1/2 என்பது 5/10. எனவே (1/2)¹⁰⁰ = 5¹⁰⁰ / 10¹⁰⁰. log 5 = 1 − 0.3010 = 0.6990, நூறால் பெருக்கினால் 69.90, எனவே 5¹⁰⁰-இல் 70 இலக்கங்கள். அதை 10¹⁰⁰ ஆல் வகுத்தால் புள்ளிக்குப் பின் மொத்தம் 100 இடங்கள். கடைசி 70 இடங்களில் 5¹⁰⁰ வந்து அமர்ந்துகொள்ள, மிச்சம் முன்னால் 30 பூஜ்ஜியம். முதல் இலக்கம் 7, அடுத்தது 8. கால்குலேட்டரில் `7.888609052E-31` என்று காட்டும்.