நாட்டா, பிரிட்ஜா, ஹோஸ்ட்-ஒன்லியா? விர்ச்சுவல் மெஷின் நெட்வொர்க் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை விர்ச்சுவல்பாக்ஸ் பற்றியவை. மெஷினுக்கு எந்த நெட்வொர்க் வகையைக் கொடுப்பது என்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: யார் யாரைத் தேடிப் போய் இணைப்பைத் தொடங்க வேண்டும்? அதற்கு விடை தெரிந்தால் எந்த வகை என்பது தானாகவே தெரிந்துவிடும். கீழே உள்ள பதில்களை அந்தக் கண்ணோட்டத்தோடு படியுங்கள்.

கேள்வி: இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள் வைத்திருக்கிறேன். இரண்டிலும் `10.0.2.15` என்ற ஒரே ஐபி முகவரி வருகிறது. ஒன்றிலிருந்து இன்னொன்றை பிங் செய்ய முடியவில்லை. ஆனால் இரண்டிலும் இணையம் வருகிறது. எப்படி?

இரண்டும் `NAT` வகையில் இருக்கின்றன. விர்ச்சுவல்பாக்ஸ் இந்த வகையில் ஒவ்வொரு மெஷினுக்கும் தனித்தனியாக ஒரு குட்டி ரவுட்டரைக் கொடுக்கிறது. அந்த ரவுட்டரின் முகவரி `10.0.2.2`, அதற்குப் பின்னால் இருக்கும் ஒரே மெஷின் `10.0.2.15`. உங்கள் இரு மெஷின்களும் ஒரே நெட்வொர்க்கில் இல்லை. ஒரே மாதிரி எண் போட்ட இரண்டு தனி வீடுகளில் இருக்கின்றன. அதனால் முகவரி மோதலும் இல்லை, ஒன்றையொன்று பார்க்கவும் வழியில்லை.

இரண்டும் பேசிக்கொள்ள வேண்டும், இணையமும் வேண்டும் என்றால் `NAT Network` என்று தனியாக ஒரு வகை இருக்கிறது. பெயர் ஒட்டிப்பிறந்தது போல இருந்தாலும் வேலை வேறு. அதில் எல்லா மெஷின்களும் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் நிற்கும்.

விஎம்வேர் பயன்படுத்துபவர்கள் குழம்ப வேண்டாம். அங்கே நாட் என்றாலே `vmnet8` என்ற பொதுவான நெட்வொர்க். மெஷின்கள் ஒன்றையொன்று பார்க்கும், உங்கள் கணினியிலிருந்தும் நேரடியாக எட்டலாம். லினக்ஸில் லிப்வர்ட்டின் இயல்பு நெட்வொர்க்கும் (`192.168.122.0/24`) அப்படித்தான். ஆகவே ஒரு மென்பொருளுக்கு எழுதிய குறிப்பை இன்னொன்றில் அப்படியே பின்பற்றினால் தவறிவிடும்.

கேள்வி: `NAT` வகையில் இருக்கும் மெஷினுக்கு என் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் போக முடியவில்லை. பிரிட்ஜுக்கு மாற்றிவிடட்டுமா?

இதற்காக மட்டும் மாற்ற வேண்டாம். `NAT` வகையில் உள்ளிருந்து வெளியே போகும் இணைப்புக்குத்தான் வழி உண்டு. வெளியிலிருந்து வருவதற்கு நீங்கள்தான் கதவு திறந்துவிட வேண்டும். ஒரே ஒரு போர்ட் போதுமென்றால் போர்ட் ஃபார்வர்டிங் ஒரு வரி வேலை. மெஷினை நிறுத்திவிட்டு இதைக் கொடுங்கள்:

```
VBoxManage modifyvm "web" --natpf1 "ssh,tcp,127.0.0.1,2222,,22"
```

பிறகு `ssh -p 2222 user@127.0.0.1` என்று உள்ளே போகலாம். அந்த `127.0.0.1` ஐ விட்டுவிடாதீர்கள். அந்த இடத்தை வெறுமையாக விட்டால் உங்கள் கணினியின் எல்லா முகவரிகளிலும் 2222 திறந்துவிடும். பொது வைஃபையில் இருக்கும்போது அருகில் இருப்பவர்களுக்கும் அந்தக் கதவு தெரியும்.

இணைந்தவுடனே இணைப்பு அறுந்துபோனால் விதியில் பிழை தேடாதீர்கள், மெஷினுக்குள் பாருங்கள். அங்கே ஓடும் சேவை அதன் சொந்த `127.0.0.1` இல் மட்டும் காத்திருக்கலாம். ஃபார்வர்ட் செய்யப்பட்ட இணைப்பு வந்து சேர்வதோ `10.0.2.15` க்கு. `ss -ltn` கொடுத்துப் பார்த்தால் சேவை எந்த முகவரியில் காத்திருக்கிறது என்று தெரியும்.

கேள்வி: வீட்டில் கேபிள் இணைப்பில் பிரிட்ஜ் நன்றாக வேலை செய்தது. அலுவலக வைஃபையில் மெஷினுக்கு முகவரியே கிடைப்பதில்லை. என் அமைப்பில் என்ன தவறு?

உங்கள் அமைப்பில் தவறு இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். பிரிட்ஜில் மெஷின் தனக்கென ஒரு மேக் முகவரியோடு உங்கள் நெட்வொர்க்கில் இன்னொரு கணினியாகவே சேர்கிறது. கேபிளில் இது சிக்கலில்லை. வைஃபையில் அக்சஸ் பாயின்ட், தன்னிடம் முறையாகச் சேர்ந்த மேக் முகவரியிலிருந்து வருவதை மட்டுமே ஏற்கும். சேர்ந்திருப்பது உங்கள் லேப்டாப்பின் கார்டு, மெஷின் அல்ல. அதனால் விர்ச்சுவல்பாக்ஸ் வெளியே போகும் பாக்கெட்டில் மெஷினின் மேக் முகவரியை எடுத்துவிட்டு லேப்டாப்பினுடையதைப் போடுகிறது. திரும்பி வருவதை ஐபி முகவரியை வைத்து அடையாளம் கண்டு மெஷினிடம் சேர்க்கிறது. பல வீட்டு ரவுட்டர்கள் இதை ஏற்றுக்கொள்ளும். ஒரு மேக் முகவரிக்கு ஒரு ஐபிதான் என்று கண்டிப்பாக இருக்கும் அலுவலக நெட்வொர்க் ஏற்காது.

சோதிக்க, மெஷினுக்குள் இதை ஓடவிட்டு இன்னொரு டெர்மினலில் முகவரியை மறுபடி கேட்கச் செய்யுங்கள்:

```
sudo tcpdump -ni enp0s3 port 67 or port 68
```

மெஷினிலிருந்து கேட்பு மட்டும் திரும்பத் திரும்பப் போய், பதில் ஒன்றும் வராவிட்டால் தடை மெஷினுக்கு வெளியே இருக்கிறது.

அலுவலகக் கேபிளிலும் பிரிட்ஜ் போடுமுன் நெட்வொர்க் நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள். போர்ட் ஒன்றுக்கு ஒரு மேக் முகவரிதான் என்று சுவிட்சில் கட்டுப்பாடு வைத்திருந்தால், இரண்டாவது முகவரியைக் கண்டதும் அந்தப் போர்ட்டையே சுவிட்ச் மூடிவிடக்கூடும். அப்போது உங்கள் கணினியின் இணைப்பும் சேர்ந்து போய்விடும். இன்னொன்று: கணினியில் ஓடும் விபிஎன் வழியாக நாட் மெஷினின் போக்குவரத்து போகும், பிரிட்ஜ் மெஷினுடையது போகாது. அலுவலக விபிஎன்னுக்குள் இருக்கும் சர்வரை மெஷின் எட்ட வேண்டுமானால் நாட்தான் சரி.

கேள்வி: ஒரு வெப் சர்வர், ஒரு டேட்டாபேஸ் சர்வர் என இரண்டு உபுண்டு மெஷின்களில் பயிற்சி செய்கிறேன். லேப்டாப்பை வீடு, கல்லூரி, பயணம் என்று எங்கும் எடுத்துப் போகிறேன். இடம் மாறினால் முகவரி மாறி எல்லாம் உடைகிறது. நிலையான வழி என்ன?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இதே தவறைச் செய்து ஒரு பயிற்சி வகுப்பின் நடுவில் நின்றிருக்கிறேன். முந்தின நாள் இரவு பிரிட்ஜில் எல்லாம் ஓடியது. மறுநாள் வகுப்பறை வைஃபையில் இரு மெஷின்களுக்கும் வேறு முகவரி வந்ததும் வெப் சர்வருக்கு டேட்டாபேஸைக் காணவில்லை.

யார் யாரைத் தேடுகிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். உங்கள் லேப்டாப் இரு மெஷின்களையும் தேட வேண்டும். வெப், டேட்டாபேஸைத் தேட வேண்டும். இரண்டுக்கும் மென்பொருள் இறக்க இணையம் வேண்டும். வெளியிலிருந்து யாரும் உள்ளே வரத் தேவையில்லை. ஆகவே ஒவ்வொரு மெஷினுக்கும் இரண்டு அடாப்டர் கொடுங்கள். முதலாவது `NAT`, அது இணையத்துக்கு. இரண்டாவது `Host-only Adapter`, அது லேப்டாப்பும் மெஷின்களும் மட்டும் பேசிக்கொள்ள. இந்த இரண்டாவது நெட்வொர்க் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே இருப்பதால் எந்த ஊருக்குப் போனாலும், வைஃபையை அணைத்தாலும் மாறாது.

ஹோஸ்ட்-ஒன்லியில் லேப்டாப்பின் முகவரி வழக்கமாக `192.168.56.1`. அங்குள்ள டிஹெச்சிபி 101 இலிருந்து 254 வரை தருகிறது. அதற்கு வெளியே வெப்புக்கு 11, டேட்டாபேஸுக்கு 12 என்று நாமே நிலையாக வைத்துவிடலாம். வெப் மெஷினின் நெட்பிளான் கோப்பு இப்படி இருக்கும்:

```yaml
network:
  version: 2
  ethernets:
    enp0s3:
      dhcp4: true
    enp0s8:
      addresses: [192.168.56.11/24]
```

`sudo netplan apply` கொடுங்கள். டேட்டாபேஸ் மெஷினில் கடைசி எண் மட்டும் 12. போஸ்ட்கிரெஸ் என்றால் அங்கே `listen_addresses` இல் `192.168.56.12` ஐச் சேர்த்து, `pg_hba.conf` இல் `192.168.56.11/32` ஐ மட்டும் அனுமதித்து, போஸ்ட்கிரெஸை மறுபடி தொடங்குங்கள். வெப் செயலியின் அமைப்பில் `192.168.56.12:5432` என்று ஒருமுறை எழுதினால் போதும், திரும்பத் தொட வேண்டியதில்லை.

சோதனைக்கு உங்கள் தளத்தைக் கைப்பேசியில் பார்க்க வேண்டும் என்று ஒரு நாள் தோன்றும். அப்போதும் பிரிட்ஜ் கட்டாயமில்லை. நாட் அடாப்டரில் 8080 ஐ 80 க்கு ஃபார்வர்ட் செய்து, அந்த நேரத்துக்கு மட்டும் `127.0.0.1` இடத்தை வெறுமையாக விடுங்கள். லேப்டாப்பின் ஃபயர்வாலிலும் 8080 ஐ அனுமதித்து, கைப்பேசியில் லேப்டாப்பின் வைஃபை முகவரியோடு `:8080` சேர்த்துத் திறக்கலாம். பார்த்து முடித்ததும் விதியை நீக்கிவிடுங்கள்.

கேள்வி: இப்படி இரண்டு அடாப்டர் வைத்தேன். லேப்டாப்பிலிருந்து எட்ட முடிகிறது, ஆனால் `apt update` நின்றுவிடுகிறது.

`ip route` கொடுத்து `default` என்று தொடங்கும் வரியைப் பாருங்கள். அது `via 10.0.2.2 dev enp0s3` என்று மட்டுமே இருக்க வேண்டும். `via 192.168.56.1` என்று ஒன்று இருந்தால் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டருக்கும் கேட்வே எழுதியிருக்கிறீர்கள். நிலையான முகவரி என்றாலே கேட்வேயும் போட வேண்டும் என்ற பழக்கத்தில் வரும் தவறு இது. அந்த முகவரிக்குப் பின்னால் இணையம் இல்லை. வரியை நீக்கிவிட்டு மீண்டும் `sudo netplan apply`.

கேள்வி: ஒரு மெஷினை குளோன் செய்தேன். புது மேக் முகவரியும் கொடுத்தேன். ஆனாலும் பிரிட்ஜில் இரண்டுக்கும் ஒரே ஐபி வருகிறது.

உபுண்டு சர்வரில் முகவரி கேட்கும்போது மெஷின் தன்னை மேக் முகவரியால் அறிமுகப்படுத்திக்கொள்வதில்லை. `/etc/machine-id` கோப்பிலிருந்து உருவாக்கிய ஓர் அடையாளத்தை அனுப்புகிறது. குளோனில் அந்தக் கோப்பும் அப்படியே நகலாகியிருக்கும். டிஹெச்சிபி சர்வரும் இரண்டையும் ஒரே ஆளாக நினைத்துக்கொள்கிறது. இரு மெஷின்களிலும் `cat /etc/machine-id` ஒரே விடை தந்தால் குளோனில் இதைச் செய்யுங்கள்:

```
sudo rm /etc/machine-id
sudo systemd-machine-id-setup
sudo reboot
```

கேள்வி: சந்தேகமான ஒரு கோப்பைத் திறந்து பார்க்க ஹோஸ்ட்-ஒன்லி பாதுகாப்பானதா?

இல்லை. இணையம் இருக்காதே தவிர, உங்கள் கணினி `192.168.56.1` இல் அந்த மெஷினுக்கு நேர் எதிரே நிற்கிறது. கணினியில் நெட்வொர்க் வழியாகப் பகிர்ந்த கோப்புறை, திறந்திருக்கும் சேவை எதுவானாலும் மெஷின் எட்டிப் பார்க்கும். மெஷின்கள் தங்களுக்குள் மட்டும் பேச `Internal Network` வகையைப் பயன்படுத்துங்கள், அதில் உங்கள் கணினியே சேராது. ஒற்றை மெஷின் போதுமென்றால் `Not attached` என்று வைத்துவிடுங்கள். இரண்டிலும் விர்ச்சுவல்பாக்ஸ் தரும் பகிர்ந்த கோப்புறை, கிளிப்போர்டு பகிர்வு ஆகியவற்றையும் அணையுங்கள். அவை நெட்வொர்க் வழியாகப் போவதில்லை என்பதால் அடாப்டரைக் கழற்றினாலும் திறந்தே இருக்கும்.