ஓய்வூதியப் பணம் 15 லட்சம்: ஒரே கணக்கா, மூன்றா?

“அப்பாவுக்கு 61 வயது. 15 லட்சத்தை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் மொத்தமாகப் போடலாமா? அவசரத்துக்குக் கொஞ்சம் எடுக்க முடியுமா? ஊர் பென்னாகரம்.”

வணக்கம். திட்டம் அவருக்குப் பொருத்தமானதே. ஆனால் ஒரே கணக்காகப் போடாதீர்கள். இதில் அசலின் ஒரு பகுதியை மட்டும் எடுக்க வழியில்லை, கணக்கையே முடித்தாக வேண்டும்.

ஓராண்டுக்குள் முடித்தால் வட்டியே கிடையாது. கொடுத்த வட்டியையும் அசலில் பிடித்துக்கொள்வார்கள். இரண்டாம் ஆண்டில் முடித்தால் அசலில் 1.5 விழுக்காடும், அதன் பிறகு 1 விழுக்காடும் கழியும். பதினெட்டாம் மாதத்தில் மருத்துவச் செலவுக்கு நான்கு லட்சம் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரே கணக்கென்றால் 22,500 ரூபாய் போய்விடும். ஐந்து லட்சம் வீதம் மூன்று கணக்குகள் இருந்தால், ஒன்றை மட்டும் முடித்து 7,500 ரூபாயோடு தப்பலாம், மற்ற இரண்டும் பழைய வட்டியிலேயே தொடரும். தருமபுரி தலைமை அஞ்சலகத்தில் மாதத்துக்கு ஒன்றாகத் தொடங்கினால் போதும்.

2025-இல் உள்ள 8.2 விழுக்காட்டில் தொடங்கினால், மூன்றிலும் சேர்த்துக் காலாண்டுக்கு 30,750 ரூபாய் வரும். அந்த வட்டி ஐந்தாண்டுக்கு மாறாது. மாதாமாதம் வராது என்பதுதான் குறை. வட்டியை எடுக்காமல் விட்டாலும் அதற்கு வட்டி சேராது என்பதால், அஞ்சலகச் சேமிப்புக் கணக்குக்குத் தானாக வரவு வைக்கும்படி முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.