ஸ்லைடில் சான்று: அடியில் குவிக்காமல் வரியின் பக்கத்தில் வையுங்கள்

கேள்வி: ஆய்வேட்டு வாய்மொழித் தேர்வுக்கு பவர்பாயின்டில் ஸ்லைடு தயாரிக்கிறேன். ஒவ்வொரு ஸ்லைடின் அடியிலும் மூன்று நான்கு அடிக்குறிப்பு சேர்ந்துவிடுகிறது. கைடு “இரைச்சலாக இருக்கிறது, எடுங்கள்” என்கிறார். எடுத்துவிட்டால் “ஆதாரம் எங்கே?” என்று கேட்பார்களே. என்ன செய்வது?

பதில்: உங்கள் ஸ்லைடில் நெரிசல் வரக் காரணம், ஆய்வேட்டின் பக்க அமைப்பை அப்படியே திரைக்குக் கொண்டுவந்ததுதான். தாளில் படிப்பவர் எண்ணைப் பார்த்து, கீழே போய், திரும்பி வர முடியும். ஸ்லைடு திரையில் நிற்பதோ ஓரிரு நிமிடம். அதற்குள் கேட்பவருக்குத் தேவைப்படுவது “இதை யார், எப்போது சொன்னார்கள்” என்பது மட்டுமே. கட்டுரைத் தலைப்பு, இதழ், பக்கம் எல்லாம் பிறகு தேடும்போதுதான் வேண்டும். ஆகவே பெயரும் ஆண்டும் கூற்றின் பக்கத்திலேயே இருக்கட்டும். முழு விவரம் கடைசி ஸ்லைடுக்குப் போகட்டும்.

ஓர் எடுத்துக்காட்டோடு பார்ப்போம். டிஎன்ஏ வடிவம் பற்றிய ஸ்லைடு. இடப்பக்கம் எக்ஸ்-கதிர்ப் படம், வலப்பக்கம் மூன்று கூற்றுகள். அவற்றுக்குச் சான்று 1953-இல் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் அடுத்தடுத்து வந்த மூன்று கட்டுரைகள். முழு விவரத்தையும் அடிக்குறிப்பாக 14 புள்ளி எழுத்தில் போட்டால் ஆறு வரி ஆகும், 19 செ.மீ. உயரமுள்ள ஸ்லைடில் ஏறக்குறைய மூன்றரை செ.மீ. அதற்கே போய்விடும். அதையே இப்படி அமைக்கலாம்:

```
காரங்கள் இணையாக: A–T, G–C        Watson & Crick 1953
பாஸ்பேட் வெளிப்புறம்                Franklin & Gosling 1953
விந்தணுத் தலையிலும் சுருள் வடிவம்    Wilkins et al. 1953

[படத்தின் கீழே]  Franklin & Gosling 1953, Nature 171:740
```

மூன்று கூற்றுக்கும் படத்துக்கும் தனித்தனியாகச் சான்று வந்துவிட்டது, அடிப்பகுதி காலியாகவே இருக்கிறது. எந்தக் கூற்று யாருடையது என்பதில் குழப்பமும் இல்லை. அடியில் மூன்று பெயரை வரிசையாக எழுதினால் கிடைக்காத தெளிவு இது.

மேலெழுத்து எண்களை நான் பரிந்துரைப்பதில்லை. மேலே உள்ள ஸ்லைடில் சுருளின் ஒரு சுற்று 34 Å என்று எழுதி, அதற்கு இரண்டாம் அடிக்குறிப்பு போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரிவது 34 Å², அதாவது ஒரு பரப்பளவு. அளவும் அலகும் வரும் எந்தத் துறையிலும் இந்தத் தவறு நேரும். இன்னொன்று, பவர்பாயின்டில் வேர்டில் இருப்பது போன்ற அடிக்குறிப்பு வசதி கிடையாது. எண்களைக் கையால்தான் போட வேண்டும். நடுவில் ஒரு சான்றைச் சேர்த்தால் பின்னால் வரும் எல்லாவற்றையும் நீங்களே மாற்ற வேண்டும். பெயர்–ஆண்டு முறையில் ஸ்லைடை இடம் மாற்றினாலும் வேறு கோப்பில் ஒட்டினாலும் சான்று கூடவே போகும். உங்கள் துறையில் எண் முறைதான் கட்டாயம் என்றால், [2] என்று சதுர அடைப்புக்குள் சாதாரண எழுத்தாக எழுதுங்கள்.

எழுத்தின் அளவும் நிறமும் இங்கே பாதி வேலையைச் செய்துவிடும். முக்கிய வரி 24 புள்ளி என்றால் சான்று 14 இருக்கட்டும். 12-க்குக் கீழே போக வேண்டாம், பின்வரிசைக்குத் தெரியாது. நிறம் அடர் சாம்பல், வெள்ளைப் பின்னணியில் `#595959` நன்றாக இருக்கும். மடிக்கணினியில் அழகாகத் தெரியும் வெளிர் சாம்பல், வெளிச்சமான அறையில் புரொஜெக்டரில் மறைந்தே போகும்.

அடிப்பகுதியை ஸ்லைடு முழுவதற்கும் பொதுவான ஒரு குறிப்புக்கு மட்டும் ஒதுக்குங்கள்: ஸ்லைடு மொத்தமும் ஒரே கட்டுரையிலிருந்து வந்திருந்தால் அந்தச் சான்று, அல்லது ஒரு சுருக்கக் குறியீட்டின் விளக்கம். ஒவ்வொரு ஸ்லைடிலும் புதிதாக உரைப்பெட்டி வரைந்தால் அது மேலும் கீழும் குதிக்கும். அதனால் `View > Slide Master` போய், நீங்கள் பயன்படுத்தும் லேஅவுட்டைத் தேர்ந்தெடுத்து, `Insert Placeholder > Text` மூலம் அடியில் 1.3 செ.மீ. உயரத்துக்கு ஒரு பெட்டி வையுங்கள். வலப்பக்கம் ஸ்லைடு எண்ணுக்கு இடம் விடுங்கள். புல்லட்டை நீக்கி, எழுத்து அளவை 14 ஆக்கி, `Do not Autofit` தேர்வு செய்யுங்கள். இல்லாவிட்டால் உரை நீளும்போது எழுத்து தானாகச் சுருங்கி, நீங்கள் கவனிப்பதற்குள் 9 புள்ளிக்கு வந்திருக்கும். எதுவும் எழுதாத பெட்டி ஸ்லைடு ஷோவில் தெரியாது, எனவே எல்லா ஸ்லைடிலும் இருந்தாலும் பாதகமில்லை. இரண்டு வரிக்கு மேல் அங்கே எழுத வேண்டி வந்தால் அந்த ஸ்லைடைப் பிரிப்பதே நல்லது.

படங்களுக்குச் சான்று எப்போதும் படத்தை ஒட்டியே இருக்க வேண்டும். படத்தையும் குறிப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து `Ctrl+G` அழுத்திக் குழுவாக்கினால், படத்தை நகர்த்தும்போது குறிப்பு பின்தங்காது. அப்படியே எடுத்த படத்துக்குப் பெயர்–ஆண்டு போதும். அம்புக்குறி சேர்த்தோ வெட்டியோ மாற்றியிருந்தால் “தழுவியது” என்றும், பிறர் தரவை வைத்து நீங்களே வரைந்த வரைபடம் என்றால் “தரவு:” என்றும் முன்னால் எழுதுங்கள். உங்கள் சொந்த முடிவுகளின் பக்கத்தில் “இந்த ஆய்வு” என்று அதே சாம்பலில் குறித்துவிடுங்கள். எது உங்கள் பங்களிப்பு என்று தேர்வாளர் தேட வேண்டியிருக்காது. ஸ்லைடைப் பின்னர் இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால், சான்று காட்டுவது வேறு, படத்துக்கு அனுமதி பெறுவது வேறு என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒரே வரிக்கு ஐந்து சான்று இருக்கிறதே என்றால், முதலில் சொன்னவர் ஒருவர், வலுவான அண்மை ஆய்வு ஒன்று என இரண்டை மட்டும் வரியில் வைத்து, மீதியைப் பட்டியலுக்கு அனுப்புங்கள்.

முழுப் பட்டியல் நன்றி ஸ்லைடுக்குப் பின்னால் வரட்டும். அதைத் திரையில் ஓட்டிக் காட்ட வேண்டியதில்லை. சான்றுகளைச் சேமிக்கும் சொட்டேரோ மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு பவர்பாயின்டுக்குள் நேரடி இணைப்பு கிடையாது. ஆனால் கட்டுரைகளைத் தேர்ந்தெடுத்து, வலது கிளிக் செய்து `Create Bibliography from Items…` கொடுத்தால் பட்டியலை நகலெடுத்து ஒட்டலாம். அகர வரிசையில், ஒரு ஸ்லைடுக்கு எட்டுக்கு மிகாமல் போடுங்கள். வரியில் “Wilkins et al. 1953” என்றிருப்பது பட்டியலிலும் அதே பெயர், அதே ஆண்டோடு இருக்கிறதா என்று ஒருமுறை ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள், பிழை பெரும்பாலும் ஆண்டில்தான் வரும். முழு விவரத்தை `Notes` பகுதியில் மட்டும் எழுதி வைத்தால், பிடிஎஃப் ஆக்கும்போது `Notes pages` தேர்வு செய்யாவிட்டால் அது விட்டுப்போகும்.

பட்டியல் தொடங்கும் ஸ்லைடின் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தேர்வாளர் “அது எந்தக் கட்டுரை?” என்று கேட்டால், ஸ்லைடு ஷோ ஓடும்போதே அந்த எண்ணைத் தட்டி `Enter` அழுத்தினால் நேராக அங்கே போகும்; பதில் சொன்னதும் பழைய எண்ணைத் தட்டித் திரும்பலாம்.