துளையில் ஒழுகும் தொட்டி: கேள்வி பதில்

ஆயிரம் லிட்டர் மாடித் தொட்டியின் அடியில் துளை விழுந்துவிட்டது. வாளி வைத்து அளந்தேன். நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லிட்டர். 80 நிமிடத்தில் காலியாக வேண்டும். இரண்டு மணி நேரம் கழித்தும் தண்ணீர் கிடந்ததே?

தொடக்கத்தில் அளந்த வேகம் கடைசி வரை நீடிக்கும் என்று கொண்டுவிட்டீர்கள். துளை வழியே நீரைத் தள்ளுவது அதற்கு மேல் நிற்கும் நீரின் உயரம்தான். மட்டம் ஒரு மீட்டராக இருக்கும்போது தாரை நொடிக்கு ஏறத்தாழ 4.4 மீட்டர் வேகத்தில் வெளிவருகிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொடும் வேகமும் அதுவே. இந்த விதியை இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்டார். மட்டம் கால் மீட்டராகும்போது வேகம் கால்பங்காகக் குறைவதில்லை, பாதியாகிறது.

சுவர் செங்குத்தாக இருந்தால் காலியாகும் நேரம் உங்கள் கணக்கைப் போல் சரியாக இரு மடங்கு, அதாவது 160 நிமிடம். முதல் 750 லிட்டர் வெளியேற 80 நிமிடம் ஆகும். மிஞ்சிய 250 லிட்டருக்கும் அதே 80 நிமிடம் ஆகும். இரண்டு மணி நேரத்தில் அறுபது லிட்டர் அளவுக்கு மிஞ்சியிருந்திருக்கும். மூடியில் காற்றுவழி திறந்திருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும்.

இரண்டாயிரம் லிட்டர் தொட்டி வைத்தால் தாரை வலுவாகுமா?

நீர்மட்டம் அதே உயரமானால் ஆகாது. அகலம் கூடினால் காலியாகும் நேரம்தான் கூடும்.

துளையின் பரப்பை வேகத்தால் பெருக்கினேன். வாளியில் விழுவது அதைவிடக் குறைவாக இருக்கிறது. விதி தவறா?

விதி சரிதான். மெல்லிய தகட்டில் கூர்மையான விளிம்புள்ள துளையில் நீர் பக்கங்களிலிருந்து வளைந்து வருவதால், தாரை வெளியே வந்ததும் துளையைவிட ஒடுங்குகிறது. கிடைப்பது உங்கள் பெருக்கலில் ஏறத்தாழ 0.6 பங்கு. முதல் கேள்வியின் பன்னிரண்டரை லிட்டர் 10 மில்லிமீட்டர் துளைக்குப் பொருந்துவதும் இந்தப் பங்கைச் சேர்த்த பிறகே. நீண்ட குழாய் பொருத்தியிருந்தால் உராய்வும் சேரும். அப்போது இந்த எண்ணை எடுக்க வேண்டாம்.

பாட்டிலில் மூன்று துளை போட்டால் அடித்துளை நீர்தான் அதிகத் தூரம் போகும். புத்தகப் படத்திலும் அப்படித்தான் இருக்கிறது.

அதன் வேகம் அதிகம் என்பது சரி, ஆனால் அது விழுவதற்குக் கிடைக்கும் நேரம் குறைவு. தரையில் வைத்த பாட்டிலில் நீர் 30 சென்டிமீட்டர் நின்று, துளைகள் 5, 15, 25 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால், நடுத்தாரை 30 சென்டிமீட்டர் தூரம் செல்லும். மற்ற இரண்டும் 22-இல் ஒரே இடத்தில் விழும். படம் தவறு.

நான் செய்தே பார்த்தேன், ஐயா. அடித்தாரைதான் தூரம் போனது!

மேசை விளிம்பில் வைத்திருந்தால் நீங்கள் கண்டது உண்மையே. 30 சென்டிமீட்டர் உயர்த்தி வைத்தாலே அடித்தாரை 59, நடுத்தாரை 52 என்று மாறிவிடும்.

இல்லை, தரையில்தான் வைத்தேன்.

அப்படியானால் துளைகள் ஒரே அளவா, விளிம்பில் பிசிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்க்காமல் நான் முடிவு சொல்ல மாட்டேன்.

எங்கள் தொட்டியில் ஓட்டை இல்லை. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது.

மூடியின் காற்றுவழியைப் பாருங்கள். நீர் வெளியேறிய இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறைந்து தாரை நின்றுபோகும்.

அப்படியானால் முதல் தொட்டியில் 500 லிட்டர் மட்டும் இருந்தால் 80 நிமிடமா?

மேலே சொன்னதை மறுபடி படியுங்கள். பாதி நிரம்பிய அதே தொட்டிக்கு 113 நிமிடம் ஆகும். துளைக்கு மேல் சில மில்லிமீட்டர் நீரே மிஞ்சும்போது தாரை அறுந்து நீர் சுவரோடு வழியும். அதற்குப் பிறகு இந்தக் கணக்கு செல்லாது.